பினாஃபோரில் வளர்த்தி எங்கே விடுவது, எவ்வளவு விடுவது?

"மகள் மூன்றாம் வகுப்பு போகிறாள். காரைக்குடியில் பள்ளியிலேயே துணியைக் கொடுத்து, வெளியே தைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பினாஃபோரும் வெள்ளைச் சட்டையும். இரண்டு வருஷம் வரவேண்டுமென்றால் எவ்வளவு வளர்த்தி விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும்? போன முறை அடி மடிப்பைப் பிரித்தபோது பழைய மடிப்பின் கோடு அசிங்கமாகத் தெரிந்தது. சட்டைக்குப் பருத்தி நல்லதா, டெரிகாட்டன் நல்லதா?"

அம்மா, முப்பது வருஷமாகத் தேவகோட்டையில் பள்ளிச் சீருடை தைக்கிறேன். மே மாதக் கடைசியில் என் கடை வாசலில் நிற்கும் எல்லோருடைய கேள்வியும் இதுதான். எவ்வளவு என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: நீளத்தில் இரண்டரை அங்குலம், மார்புச் சுற்றில் இரண்டு அங்குலம், தோளில் ஒன்றும் வேண்டாம். ஆனால் எத்தனை அங்குலம் என்பதைவிட அதை எந்த இடத்தில் ஒளித்து வைக்கிறோம் என்பதுதான் பெரிது. கோடு தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணமும் அந்த இடம்தான்.

முதலில் கணக்கு. நாலு வயதுக்கு மேல், பருவ வளர்ச்சி தொடங்கும் வரை, பிள்ளைகள் பொதுவாக வருஷத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் வளர்வார்கள். உங்கள் வீட்டு நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தால் என் சொல்லை நம்ப வேண்டாம், அந்தக் கோட்டை நம்புங்கள். போன ஜூனில் 116, இப்போது 122 என்றால் ஆறு சென்டிமீட்டர். இந்த வேகத்தில் இரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டும் உடுப்பில் சேர வேண்டியதில்லை. தலை, கழுத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எல்லாம் சேர்ந்ததுதான் உயரம். தோளிலிருந்து முழங்கால் வரை உள்ள நீளம் மொத்த உயரத்தில் ஏறக்குறைய பாதி. அதனால் பன்னிரண்டில் பாதி, ஆறு சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நாலு அங்குலம், ஐந்து அங்குலம் என்று மடித்துத் தைத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி கடைசிவரை வெளியே வராமல், கனத்துக்கொண்டு உள்ளேயே கிடந்து, உடுப்போடு கிழிந்து போகும்.

தோளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆறாத விஷயம் அது. கடை போட்ட புதிதில் ஒரு ஆச்சி பேத்தியைக் கூட்டிவந்து, "வளர்ற பிள்ளை தம்பி, நல்லா தொளதொளன்னு தை" என்றார்கள். நானும் "சரி ஆச்சி" என்று, தோள் பக்கத்துக்கு அரை அங்குலமாக மொத்தம் ஒரு அங்குலம் கூட்டி வெட்டிவிட்டேன். இரண்டாவது வாரம் ஆச்சி பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். பினாஃபோரின் தோள்பட்டி நழுவி, புத்தகப் பையின் வார் அதைத் தோளுக்கு வெளியே தள்ளி, கைக்குழி அருகே துணி சுருண்டு உரசி, பிள்ளையின் கையோரம் சிவந்திருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கியபோது உடுப்பு முழுவதும் முழங்காலுக்கு மேலே ஏறியது. கைக்குழி தாழ்ந்துபோனால் அப்படித்தான், கையோடு சேர்த்து உடம்புத் துணியையும் மேலே இழுக்கும். தோள் அகலம் வருஷத்துக்கு மிகக் கொஞ்சம்தான் கூடும். அதைப் பிரித்துக் கூட்டவும் முடியாது, ஏனென்றால் கழுத்தும் கைக்குழியும் அதோடு வெட்டப்பட்டவை. தோளும் கைக்குழியும் இன்றைய அளவுக்குச் சரியாக இருக்கட்டும். அன்றிலிருந்து எந்த ஆச்சி சொன்னாலும் தோளில் நான் கை வைப்பதில்லை.

இப்போது உங்கள் மகளுக்கே வெட்டுவதுபோல் பார்க்கலாம். உயரம் 122, மார்பு 24 அங்குலம், தோளிலிருந்து இடுப்பு 11, இடுப்பிலிருந்து முழங்கால் 14, மொத்தம் 25 என்று வைத்துக்கொள்வோம். அவளை நேராக அளந்தால் அரை அங்குலம் முன்பின் இருக்கலாம், முறை மாறாது. வேண்டிய இரண்டரை அங்குலத்தை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பிள்ளை வளரும்போது கால் மட்டும் நீளவில்லை, முதுகும் நீள்கிறது. முழு வளர்த்தியையும் அடியில் வைத்தால் இரண்டாம் வருஷம் உடுப்பின் நீளம் சரியாக இருக்கும், ஆனால் இடுப்புத் தையல் மேலேறி விலா எலும்பின்மேல் வந்து உட்காரும். பெல்ட்டும் அங்கேதான் நிற்கும். உட்கார்ந்து எழுதும் பிள்ளைக்கு அது நாள் முழுக்க இறுக்கம். அதனால் மேல் பாகத்துக்கு ஒரு அங்குலம், பாவாடைப் பாகத்துக்கு ஒன்றரை என்று பிரித்து வைக்கிறேன்.

மேல் பாகத்துக்கான ஒரு அங்குலம் இடுப்புத் தையலுக்குள் இருக்க வேண்டும். 11 அங்குலத்தோடு தோள் தையலுக்கு அரை, இடுப்புத் தையலுக்கு அரை, வளர்த்திக்கு ஒன்று, ஆக 13 வெட்ட வேண்டும். இடுப்பை மூட்டும்போது மேல் பாகத்தின் ஓரம் ஒன்றரை அங்குலம் உள்ளே நிற்கும். அதை மேல்நோக்கித் திருப்பி, ஓரத்தை ஓவர்லாக் அடித்து, பக்கத் தையலில் மட்டும் இரண்டு கைத்தையல் போட்டு நிறுத்திவிட்டால் போதும். அடுத்த வருஷம் இடுப்பைப் பிரித்து, ஒரு அங்குலம் கீழே இறக்கி மூட்டினால், வெயில் படாமல் நிறம் போகாமல் இருந்த அந்த ஒரு அங்குலம் இடுப்புக்கு நேர் மேலே பளிச்சென்று தெரியும். தெரியட்டும், அதன்மேல் பெல்ட் வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றரை அங்குல அகல பெல்ட் அந்தப் பட்டையை முழுக்க மறைக்கும். நான் சொன்ன இடம் என்பது இதுதான்: நிறம் வெளுக்காத துணி பின்னால் வெளியே வரும்போது, அதன்மேல் வேறொன்று வந்து மூடும் இடமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் பாவாடையின் ஒன்றரை அங்குலத்தையும் இடுப்பிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். நானும் செய்து பார்த்தேன். பாவாடையில் ப்ளீட் இருக்கிறதே, ஒவ்வொரு ப்ளீட்டும் மூன்று மடிப்புத் துணி. இரண்டு அங்குலத்துக்கு அது உள்ளே நின்றால் வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு கட்டியதுபோல் கனக்கும், நம் ஊர் வெயிலில் அந்த இடம் வியர்த்து வேர்க்குரு வரும். ப்ளீட் இல்லாத சுருக்குப் பாவாடைக்கும் இதே கதைதான். அதனால் பாவாடைக்கு அடி மடிப்புதான் வழி. 14 அங்குலம், இடுப்புத் தையலுக்கு அரை, சாதாரண அடி மடிப்பு ஒன்றரை, வளர்த்தி ஒன்றரை, ஆக பதினேழரை வெட்டி, மூன்று அங்குல அடி மடிப்பாகத் தைக்க வேண்டும்.

பிரித்தால் கோடு தெரிகிறதே என்பீர்கள். அந்தக் கோடு ஒரு காரணத்தால் வருவதில்லை. மடிப்பின் நுனி நாள் முழுக்க பெஞ்சிலும் தரையிலும் முழங்காலிலும் உரசி இழை தேய்ந்திருக்கும். மடிப்புக்கு வெளியே உள்ள துணி வெயிலில் வெளுத்திருக்கும், உள்ளே இருந்தது புதிதாக இருக்கும். இந்த இரண்டும் போதாதென்று இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்த மடிப்பை அப்படியே நிறுத்தி வைத்திருக்கும். பாலியெஸ்டர் கலந்த துணிக்குச் சூட்டில் பிடித்த மடிப்பு எளிதில் விடாது, பேன்ட்டில் ப்ளீட் கோடு நிற்பதும் அதே குணத்தால்தான். இந்த மூன்றில் சூட்டு மடிப்பை மட்டும்தான் பிறகு சரிசெய்ய முடியும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து கோட்டின்மேல் வைத்து, மேலே இன்னொரு பழைய துணி போட்டு இஸ்திரி போடுங்கள். பெரும்பாலும் மடிப்பு தணியும். முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள், சில சாயம் நிறம் மாறும். தேய்ந்த இழையும் வெளுத்த நிறமும் எதற்கும் திரும்பாது.

அதனால் தைக்கும்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். என் வழக்கம் இது: புதிதாகத் தைக்கும்போதே அடி மடிப்பின் மேல் விளிம்பில் ஒரு ஓட்டுத் தையல், நுனியிலிருந்து கால் அங்குலம் மேலே ஒரு ஓட்டுத் தையல், இரண்டையும் துணி நிற நூலில், வெளியே தெரியும்படி போட்டுவிடுவேன். அடுத்த வருஷம் மடிப்பை இறக்கும்போது பழைய நுனி வந்த இடத்தில் அதேபோல் ஒரு ஓட்டுத் தையல் போட்டால், கோடு அந்த வரிசைகளில் ஒன்றாகக் கலந்துவிடும். பார்ப்பவர்களுக்கு அது தையல் வேலைப்பாடாகத்தான் தெரியும், பள்ளியிலும் கேட்க மாட்டார்கள். இஸ்திரி போடுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அடியில் ஒரு அங்குலத்துக்கு மேலேயே பெட்டியை நிறுத்தட்டும், நுனியை அழுத்த வேண்டாம். துணியை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போட்டால் வெளுப்பு பாதியாவது குறையும். முற்றத்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்தான், சாயத்தை எடுப்பதும் அதே வெயில்தான்.

மார்புக்கு வருவோம். சட்டைக்கு மேல் போடுவதால் பினாஃபோர் மார்பு 24க்கு 27 ஆகத் தைக்க வேண்டும், மூச்சு விடவும் கை வீசவும் அந்த மூன்று அங்குலம் வேண்டும். அது வளர்த்திக் கணக்கில் சேராது. வளர்த்திக்கென்று இரண்டு பக்கத் தையலிலும், முன்துணியிலும் பின்துணியிலும், வழக்கமான அரை அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். நாலு ஓரத்தில் அரை அரை அங்குலம், ஆக இரண்டு அங்குலம் கையிருப்பு. இரண்டு வருஷத்துக்கு அது தாராளம். இங்கே கோடு தொந்தரவு குறைவு, கைக்கு அடியில் ஒளிந்துவிடும். பக்கத் தையலைக் கைக்குழிவரை பிரிக்க வேண்டியிருப்பதால், கைக்குழியின் பட்டியைப் பக்கத் தையல் போட்ட பிறகு சுற்றி அடிக்காமல், முதலில் பட்டியை அடித்துவிட்டுப் பிறகு பக்கத்தை மூட்டினால் பின்னால் பிரிப்பது பத்து நிமிட வேலை. பல தையல்காரர்கள் இதைச் செய்வதில்லை, ஏனென்றால் சுற்றி அடித்தால் பார்க்க அழகு. வளர்த்தி வேண்டும் என்று கேட்டீர்களானால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சட்டை சுலபம். அரைக்கை என்றால் கையில் வளர்த்தியே வேண்டாம். உள்ளே விடும் சட்டை என்பதால் அடியில் இரண்டு அங்குலம் நீளமாக வெட்டினால் போதும், மடித்து வைக்க வேண்டியதில்லை. காலர் மட்டும் கழுத்துக்கு மேல் பொத்தானைப் போட்டு ஒரு விரல் தாராளமாக நுழையும்படி இருக்கட்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரே நாளில் கெடுக்கக்கூடியது துணியின் சுருக்கம். பள்ளியில் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன், ஒரு மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் நீளவாக்கில் சரியாக 20 அங்குலத்துக்கு இரண்டு புள்ளி வையுங்கள். துணி முழுவதையும் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். டெரிகாட்டன் என்றால் பெரும்பாலும் கால் அங்குலத்துக்குள் நிற்கும். சுருக்கம் எடுக்காத பருத்தி 19க்கும் 19 கால் அங்குலத்துக்கும் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இருபதில் முக்கால் போனால் 25 அங்குல பினாஃபோரில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் போகும். உங்கள் மகளுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய வளர்த்தியே ஒன்றேகால் அங்குலம்தான், அதில் முக்கால் பங்கை முதல் மாதத் துவைப்பிலேயே தண்ணீர் எடுத்துக்கொண்டுவிடும். உள்ளே லைனிங் வைத்தால் அதையும் இதேபோல் ஊறவைக்க வேண்டும். மேல் துணி நின்று லைனிங் மட்டும் சுருங்கினால் மார்பெல்லாம் கொசுவம் விழும், பிறகு எந்த இஸ்திரிக்கும் படியாது.

பருத்தியா டெரிகாட்டனா என்ற கேள்விக்கு, சட்டையும் பினாஃபோரும் வேறு வேறு பதில். சட்டை தோலோடு ஒட்டுவது, வியர்வையை உறிஞ்ச வேண்டியது. பள்ளியில் இடம் கொடுத்தால் சட்டைக்குப் பருத்தி, அல்லது பருத்தி அதிகமாகக் கலந்த துணி. பினாஃபோர் மேலே போடுவது, உரசல் தாங்க வேண்டியது, ப்ளீட் நிற்க வேண்டியது. அதற்கு டெரிகாட்டன் மாதிரி பாலியெஸ்டர் கலந்த துணிதான் இரண்டு வருஷம் வரும். சீருடைத் துணியில் பாலியெஸ்டர் மூன்றில் இரண்டு பங்கு, பருத்தியோ விஸ்கோஸோ ஒரு பங்கு என்பது சாதாரணமாகக் கிடைக்கும் கலவை. கடைக்காரர் காட்டன் என்று சொன்னதை நம்பாமல் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பு மணிபோல் கெட்டியாகும். கலவை எரியவும் எரியும், சாம்பலுக்குள் கெட்டியாகவும் நெருடும். எவ்வளவு கலவை என்பதை இந்தச் சோதனையில் சொல்ல முடியாது, கலந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லலாம்.

கலவைத் துணிக்கு ஒரு குறை உண்டு. பை உரசும் தோளிலும், உட்காரும் இடத்திலும் சின்னச் சின்ன பஞ்சு உருண்டை கட்டும். பருத்தி இழை தேய்ந்து அறுந்து வெளியே வருகிறது, உறுதியான பாலியெஸ்டர் இழை அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. உள்பக்கம் திருப்பித் துவைத்தால் குறையும், நிற்காது. கழுத்திலும் கைக்குழியிலும் பட்டிக்குக் கலவைத் துணியையே மடித்து அடிக்காமல், சுருக்கம் எடுத்த பருத்தித் துணியைக் மூலைவாட்டில் வெட்டி அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சீருடை குத்துகிறது என்று சொல்வது அந்த இரண்டு இடத்தில்தான். அதற்கு மேலும் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அது தையல்காரனிடம் கேட்கும் விஷயம் இல்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளைச் சட்டையில் நம் பக்கத்துச் செம்மண் ஒரு தனித் தொல்லை. அதன் சிவப்பு இரும்பிலிருந்து வருவது. சட்டை சிவந்துவிட்டது என்று பதறிப்போய் பிளீச்சிங் தண்ணீரில் போடாதீர்கள், இரும்புக் கறை அதில் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். ஈரத்தோடு தேய்த்தாலும் மண் இழைக்குள் போகும். காயவிட்டு, உதறி, பிரஷால் தட்டி, வெறும் பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகுதான் சோப்பு. அதற்கும் போகாத இடத்தில் எலுமிச்சைச் சாறு தேய்த்து அரைமணி நேரம் வைத்து அலசுங்கள். நிறமுள்ள பினாஃபோரில் எலுமிச்சை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன தையல் முறைகளில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் வருஷத்துக்கு ஆறு சென்டிமீட்டர் என்ற கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் ஓடாது. சில பெண் பிள்ளைகளுக்கு ஒன்பது பத்து வயதிலேயே பருவ வளர்ச்சி தொடங்கிவிடும். அப்போது ஒரு வருஷத்தில் எட்டு சென்டிமீட்டர்கூட வளர்வார்கள், உடம்பின் அளவும் மாறும். உங்கள் வீட்டில் நீங்களோ அவளுடைய அத்தையோ சீக்கிரம் வளர்ந்தவர்கள் என்றால் மூன்றாம் வகுப்புக்குத் தைப்பதை இரண்டு வருஷத்துக்கு என்று நம்ப வேண்டாம், ஒரு வருஷத்துக்கு இரண்டு ஜோடி மட்டும் தையுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் யார் கேட்டாலும் நான் ஒரு வருஷத்துக்குத்தான் தைத்துக் கொடுக்கிறேன்.

தைத்து வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பாருங்கள். பிள்ளையை முழங்கால் போட்டு நிற்கச் சொல்லுங்கள், அடி ஓரம் தரையைத் தொட வேண்டும். இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள், இரண்டு அங்குலத்துக்கு மேல் உடுப்பு ஏறினால் கைக்குழி சரியில்லை. பிறகு உள்ளே திருப்பி, இடுப்பிலும் பக்கத்திலும் கேட்ட வளர்த்தி இருக்கிறதா என்று இஞ்ச் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அகலம் 58 அங்குலத் துணி என்றால் இந்த வளர்த்திக்கெல்லாம் துணி கொஞ்சம்தான் கூடுதலாக ஆகும், அதனால் துணி பற்றவில்லை என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மீந்த துண்டைக் கேட்டு வாங்கி, உள்ளங்கை அளவில் ஒன்றை அடி மடிப்புக்கு உள்பக்கமாக நாலு கைத்தையலில் பிடித்து வையுங்கள். வெயிலில் அவ்வளவு வெளுக்காவிட்டாலும், உடுப்போடு சேர்ந்து அதுவும் துவைபட்டுக்கொண்டே வரும். என்றைக்காவது பெஞ்சு ஆணியில் மாட்டிக் கிழிந்தால், ஒட்டுப்போடக் கிட்டத்தட்ட அதே நிறத்தில் துணி உடுப்புக்குள்ளேயே இருக்கும்.